கார் அளவு இதயம்: ஒரு மாணவியின் கேள்வியிலிருந்து அறிவியல் தளங்களைச் சோதிக்கும் வழி

மார்கழி விடுமுறையில் மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கிலம் பார்த்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய என் அண்ணாவின் மகள், தரம் 8இல் படிப்பவள், பாடசாலை ஒப்படைக்காக ஒரு சுவர்ப்படம் தயாரிக்கத் தொடங்கினாள். இரண்டாம் நாள் மாலை கைபேசியை நீட்டியபடி வந்து நின்றாள்.

“சித்தப்பா, நீலத் திமிங்கிலத்தின்ர இதயம் ஒரு கார் அளவாம். இதை அப்பிடியே எழுதலாமோ?”

“எங்க வாசிச்சனி?”

“எல்லா இடத்திலயும் இருக்கு.”

அந்த இறுதி வாக்கியம்தான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். ஒரு செய்தி எல்லா இடத்திலும் இருப்பதென்றால் அதைப் பலர் படியெடுத்திருக்கிறார்கள் என்றே பொருள். அதை எத்தனை பேர் அளந்து பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி. நம்பகமான தளங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம் என்று முன்பு நானும் எண்ணியிருந்தேன். ஆனால் நல்ல தளத்திலும் பழைய எண் கிடக்கும். சாதாரணத் தளமொன்றிலும் சரியான எண் இருக்கும். ஆகவே சோதிக்க வேண்டியது ஒவ்வொரு கூற்றையும்தான். இனி வருபவை அந்த ஒரு கூற்றை நாங்கள் இருவரும் சோதித்த படிகள். வேறு எந்த விலங்கையோ தாவரத்தையோ பற்றித் தேடுகிறவரும் இதே ஒழுங்கில் செல்லலாம்.

முதற்படி: கூற்றைப் பிரித்து எழுதுதல்

தேடலைத் தொடங்குமுன் ஒரு தாளில் கூற்றை எழுதி, அதை அளந்து பார்க்கக்கூடிய துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ‘கார் அளவு’ என்பது நீளமா, எடையா, கன அளவா என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கார் என்பதும் தெரியவில்லை. அவள் பார்த்த பக்கத்திலேயே மேலும் இரண்டு கூற்றுகள் இருந்தன: திமிங்கிலத்தின் இதயத் துடிப்பு இரண்டு மைல் தொலைவில் கேட்கும் என்பது ஒன்று, அதன் பெருநாடிக்குள் ஒரு மனிதர் நீந்திச் செல்லலாம் என்பது மற்றொன்று. ஆகவே தாளில் மூன்று கேள்விகள் ஏறின. இதயத்தின் எடை என்ன, அதை யார் நிறுத்தார்கள்? துடிப்பை யார், எந்தக் கருவியால் பதிவு செய்தார்கள்? பெருநாடியின் அகலம் என்ன?

ஒப்புமைகள் மட்டும் நிறைந்து, அலகோடு கூடிய ஓர் எண்கூட இல்லாத பக்கத்தில் ஒரு மாணவி நேரம் செலவிடத் தேவையில்லை. கார், யானை, உதைபந்தாட்ட மைதானம், பேருந்து என்று வந்துகொண்டேயிருந்தால், எழுதியவர் இன்னொரு பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இரண்டாம் படி: சரியான சொற்களால் தேடுதல்

பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. பொதுப்பெயர்கள் மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் மாறும்; விலங்கியற் பெயர் மாறாது. நீலத் திமிங்கிலத்தின் பெயர் `Balaenoptera musculus`. இந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், பொழுதுபோக்குப் பக்கங்கள் பெருமளவு விலகி, விலங்கியல் தெரிந்தவர்கள் எழுதிய பக்கங்கள் முன்னுக்கு வரும். நாங்கள் தட்டிய தேடல்கள் இவை:

```
"Balaenoptera musculus" heart weight museum
"Balaenoptera musculus" heart rate site:edu
"blue whale" site:ac.lk
```

`site:` என்ற சொல்லுக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. விட்டால் தேடுபொறி அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடம் இது. `.edu` முகவரி அமெரிக்காவின் தரச்சான்று பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும், `.ac.lk`, `.gov.lk` ஆகியவை முறையே இலங்கையின் கல்வி, அரச நிறுவனங்களுக்கும் உரியவை என்பதால் இந்த வடிகட்டல் பயன் தருகிறது. `.org` முகவரிக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. பணம் செலுத்தும் எவரும் அதைப் பதிவு செய்யலாம். சில உலாவிகளில் முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுச் சின்னமும், உங்கள் கைபேசிக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பு மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பதை மட்டுமே காட்டுகிறது. பொய்யான பக்கத்துக்கும் அந்தப் பூட்டு உண்டு.

தமிழில் மட்டும் தேடினால் போதுமா என்று அண்ணி கேட்டார். பாடநூலை விளங்கிக்கொள்ளப் போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் `edupub.gov.lk` தளத்தில் விஞ்ஞானப் பாடநூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன; கலைச்சொற்களுக்கு அவற்றையே அடிப்படையாகக் கொள்வது நல்லது, ஏனெனில் பரீட்சைத் தாளிலும் அதே சொல்தான் வரும். ஆனால் ஓர் எண்ணின் பிறப்பிடத்தைத் தேடிச் செல்லும்போது ஆங்கிலப் பக்கங்களுக்குள் போவதைத் தவிர்க்க முடியாது. அவளுக்கு வேண்டியிருந்தது முழு ஆங்கில அறிவன்று. எண், அலகு, ஆண்டு, இடம் ஆகிய நான்கையும் அடையாளம் காணும் அளவுக்கு வாசித்தாலே காரியம் நடந்தது.

மூன்றாம் படி: பக்கத்தை விட்டு வெளியேறிப் பார்த்தல்

ஒரு தளம் நம்பத்தக்கதா என்பதை அந்தத் தளத்துக்குள் இருந்துகொண்டே தீர்மானிக்க முயல்வது வீண் வேலை. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் எவரும் தம்மைக் குறைத்து எழுதுவதில்லை. இன்னொரு தாவலைத் திறந்து, தளத்தின் பெயரைத் தேடி, பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நான் அவளுக்குக் காட்டியது, மரத்தில் வாழும் ஒரு பேய்க்கணவாயைப் பற்றிய பழைய கேலித் தளம். 1998 முதல் இணையத்தில் இருக்கும் `zapatopi.net/treeoctopus` என்ற அந்தப் பக்கத்தில் விலங்கின் வாழிடம், இனப்பெருக்கம், அதைக் காப்பாற்றும் இயக்கம், `Octopus paxarbolis` என்ற இலத்தீன் பெயர் என எல்லாமே இருக்கின்றன. பக்கத்தைப் பார்த்தவுடன் அவள் நம்பிவிட்டாள். இலத்தீன் பெயர் இருந்தது அவளுக்குப் போதுமாக இருந்தது. பின்பு, கடல்வாழ் இனங்களின் உலகப் பதிவேடான `marinespecies.org` தளத்துக்குச் சென்று அந்தப் பெயரைத் தட்டச் சொன்னேன். நம்பத்தக்க இனம் எதுவும் அங்கே கிடைக்காததைக் கண்டதும் முகம் சற்று வாடியது. அடுத்து `Balaenoptera musculus` என்று தட்டினாள். பெயரிட்டவரான லின்னேயசும் 1758 என்ற ஆண்டும் உடனே வந்தன. ஒரு விலங்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. நிலவாழ் இனங்களுக்கு `gbif.org` அதே வேலையைச் செய்யும்.

நான்காம் படி: எண்ணின் ஊற்றுக்குச் செல்லுதல்

நேரம் எடுக்கும் படி இதுதான். பலர் கைவிடுவதும் இங்கேதான். ஒரு பக்கத்தில் எண் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று அந்தப் பக்கம் சொல்கிறதா எனப் பார்க்க வேண்டும். சொன்னால் அந்த மூலத்தைத் திறக்க வேண்டும். அதுவும் வேறொன்றைக் காட்டினால் அதையும் திறக்க வேண்டும். ஒருகட்டத்தில் ‘நாங்கள் நிறுத்தோம்’, ‘நாங்கள் பதிவு செய்தோம்’ என்று எவரேனும் சொல்லும் இடம் வரும். அங்கே நின்றுகொள்ளலாம். விக்கிப்பீடியாவை இதற்கான வாசலாகப் பயன்படுத்தலாம்: கட்டுரையிலுள்ள வாக்கியத்தைவிட அதன் முடிவிலுள்ள சிறு அடிக்குறிப்பு எண்ணே நமக்கு வேண்டியது. அந்த எண்ணைத் தொட்டால் கீழே மூலம் தெரியும். அடிக்குறிப்பில்லாத வாக்கியத்தை ஒப்படையில் எழுதக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். சில வேளைகளில் விக்கிப்பீடியா ஒரு செய்தித் தளத்தையும், அந்தச் செய்தித் தளம் விக்கிப்பீடியாவையும் காட்டும். அப்படிச் சுற்றி வந்தால் அந்த எண்ணுக்கு ஊற்றே இல்லை என்று விட்டுவிட வேண்டும்.

இதயத்தின் எடையைத் தேடியபோது எங்கள் பாதை கனடாவில் முடிந்தது. 2014இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கி நீலத் திமிங்கிலங்கள் சில இறந்தன. கரையொதுங்கியவற்றிலிருந்து ரொறன்ரோவின் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தினர் எலும்புக்கூட்டையும், ஓர் இதயத்தை முழுமையாகவும் மீட்டனர். அந்த இதயம் பதப்படுத்தப்பட்டு 2017இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 180 கிலோகிராம். அருங்காட்சியகத்தின் `rom.on.ca` தளமே மூலம் என்பதால், அங்கே நேரடியாகத் தேட `site:rom.on.ca blue whale heart` என்று தட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு சிறு விபத்து நிகழ்ந்தது. தமிழ்ப் பக்கமொன்றில் இதே இதயத்துக்கு 400 கிலோ என்றிருந்தது. இரண்டும் நம்பத்தக்கவை போலவே தோன்றின. ஆங்கிலப் பக்கங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது: 180 கிலோகிராம் என்பது ஏறத்தாழ 400 இறாத்தல். பாண் வாங்கும்போது இறாத்தல் கணக்குப் பேசும் நாமே, மொழிபெயர்க்கும்போது அதைக் கிலோவாக்கிவிடுகிறோம். இரண்டு எண்களில் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 2.2 மடங்காக இருந்தால் அலகு மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நீளங்களில் 3.3 மடங்கு வந்தால் மீற்றருக்கும் அடிக்கும் இடையே குழப்பம் என்று கொள்ளலாம்.

இனி அந்த 180 கிலோவைக் கண்ணால் காணக்கூடிய பொருளாக மாற்றினோம். தசையின் அடர்த்தி நீருடையதைவிடச் சற்றே அதிகம். ஆகவே 180 கிலோ தசை ஏறத்தாழ 170 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். வீடுகளில் நீர் சேமிக்கும் நீல நிறப் பீப்பாய் பொதுவாக 200 லீற்றர் கொள்ளும். இதயத்தின் உள்ளறைகள் வெறுமையாக இருப்பதால் அதன் வெளித்தோற்றம் இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தாலும் எடையில் அது நம் வீதிகளில் ஓடும் வெறும் ஓட்டோவைவிடக் குறைவு. காரோடு ஒப்பிட வழியில்லை.

ஆனால் இந்த முடிவுக்கும் ஓர் எல்லை உண்டு. நிறுக்கப்பட்டது ஒரு திமிங்கிலத்தின் இதயம். தென்முனைக் கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் உருவில் மிகப் பெரியவை. உடல் பெரிதானால் இதயமும் பெரிதாகும் என்பதால், அவற்றின் இதயம் இதைவிடக் கூடிய எடையுடையதாக இருக்கக்கூடும். ஆகவே ‘கார் அளவு என்பது பொய்’ என்று எழுதுவதும் அவசரமாகும். ‘பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓர் இதயம் ஏறத்தாழ 180 கிலோகிராம்’ என்று எழுதினால் அதை எவராலும் மறுக்க முடியாது.

துடிப்பைப் பற்றிய தேடல் எளிதாக முடிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் மொண்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடலில், உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிக்கொள்ளும் கருவியைப் பொருத்தி இதயத் துடிப்பைப் பதிவு செய்து, 2019இல் வெளியிட்டனர். ஆழத்தில் இரை தேடும்போது துடிப்பு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வரை, சில கணங்களில் 2 வரைகூடக் குறைந்தது. மேற்பரப்பில் மூச்செடுக்கும்போது 25 முதல் 37 வரை உயர்ந்தது. இதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்களில் ‘நிமிடத்துக்கு இத்தனை’ என்று ஒரே ஓர் எண் இருந்தால் அது நேரடிப் பதிவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது; பக்கத்தின் திகதியைப் பார்ப்பதன் பயன் இதுதான். இங்கும் பதிவானது ஒரே ஒரு திமிங்கிலம் என்பதை அவள் தானாகவே குறித்துக்கொண்டாள். இரண்டு மைல் தொலைவில் கேட்கும் என்ற கூற்றுக்கு, எவர் எந்தக் கருவியால் கேட்டார் என்று சொல்லும் ஒரு பக்கமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெருநாடியில் நீந்தும் மனிதரும் அதே கதி. இரண்டையும் ஒப்படையிலிருந்து நீக்கினோம். அவளுக்கு அதில் கவலைதான்.

ஐந்தாம் படி: படத்தின் பிறப்பிடம்

‘கார் அளவு’ என்ற வரியோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் படத்தில் ஒரு சிறு பிள்ளை செந்நிறமான பெரிய இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். படத்தை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடலாம். அல்லது `tineye.com` தளத்தில் ஏற்றி, மிகப் பழைய பதிவு முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். இரண்டாவது முறையையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பழைய பதிவில்தான் படத்தின் உண்மையான விளக்கம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். இத்தகைய படங்கள் பல நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் மாதிரியைக் காட்டுபவை. பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே செல்வதற்காகவே செய்யப்பட்ட மாதிரி அது. அதில் எந்த ஏமாற்றும் இல்லை. ‘மாதிரி’ என்ற சொல் படம் பகிரப்பட்ட வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: நம் கடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தல்

இந்தப் படியைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள். அவள் வாசித்த நல்ல தளங்களில் இரண்டு தகவல்கள் திரும்பத் திரும்ப வந்தன: நீலத் திமிங்கிலம் 30 மீற்றர் வரை நீளும், அது கோடையில் துருவக் கடலுக்கும் மாரியில் வெப்பக் கடலுக்கும் இடம்பெயரும். இரண்டும் சரியானவை. ஆனால் மிரிஸ்ஸவுக்கு அப்பாலும் திருகோணமலைக் கடலிலும் நாம் காண்பவை அந்தத் தென்முனைத் திமிங்கிலங்கள் அல்ல. வட இந்து சமுத்திரத்தில் வாழ்பவை `Balaenoptera musculus indica` என்ற துணையினமாகக் குறிப்பிடப்படுகின்றன. அவை உருவில் சிறியவை. துருவத்துக்குச் செல்லாமல் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்பவை. நம் கடலியலாளர் ஆஷா டி வொஸ் இவற்றைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். அவர் நிறுவிய ஓசன்ஸ்வெல் அமைப்பின் `oceanswell.org` தளம் இதற்கு நல்ல தொடக்கம்.

ஆகவே உலகத் தளமொன்றில் ஒரு தகவலை எடுத்தவுடன், தேடலில் `Sri Lanka` அல்லது `northern Indian Ocean` என்ற சொற்களைச் சேர்த்து ஒருமுறை மீண்டும் தேட வேண்டும். கடல்சார் விடயங்களுக்கு முகத்துவாரம் பக்கமாக அமைந்துள்ள நாரா நிறுவனத்தின் `nara.ac.lk`, வனவிலங்குகளுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் `dwc.gov.lk`, மழைக்கும் காற்றுக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் `meteo.gov.lk` ஆகியவை உள்ளூர் மூலங்கள். இவற்றின் பக்கங்கள் சில வேளைகளில் மெதுவாகவே திறக்கும். தமிழ்ப் பகுதி ஆங்கிலப் பகுதியை விடச் சிறிதாக இருப்பதும் உண்டு. மொழித் தெரிவை மாற்றி இரண்டையும் பார்ப்பதே நல்லது.

சிறுவருக்கான தளங்களில் நான் பரிந்துரைப்பது `kids.frontiersin.org` ஒன்றைத்தான். அங்கே ஆய்வாளர்களே எழுதுகிறார்கள், பாடசாலைப் பிள்ளைகளே அவற்றை வாசித்துத் திருத்தம் சொல்கிறார்கள், மூல ஆய்வின் விவரமும் கட்டுரையோடு தரப்படுகிறது. ஆங்கிலம் கடினம் என்றால் படங்களையும் சொல்விளக்கப் பெட்டிகளையும் மட்டும் முதலில் பார்க்கலாம்.

ஏழாம் படி: குறித்து வைத்தல்

ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையை அப்பியாசக் கொப்பியில் வரைந்தாள்: கூற்று, அளந்தவர், ஆண்டும் இடமும், பார்த்த பக்கத்தின் முகவரியும் திகதியும். இரண்டாம் நிரல் வெறுமையாக இருக்கும் வரி சுவர்ப்படத்துக்குப் போகாது. மூன்று மாலைகளில் பதினொரு கூற்றுகளைச் சோதித்தோம், ஆறு தேறின.

சுவர்ப்படத்தில் இதயத்துக்கான இடத்தில் கடைசியில் அவள் எழுதியது இது: “நீலத் திமிங்கிலம் ஒன்றின் இதயம் நிறுக்கப்பட்டபோது ஏறத்தாழ 180 கிலோகிராம் இருந்தது (ரொறன்ரோ, 2014இல் இறந்த திமிங்கிலம்). மிரிஸ்ஸவில் நாங்கள் பார்த்தவை வேறு துணையினம். அவற்றின் இதயத்தின் எடை எனக்குக் கிடைக்கவில்லை.” இறுதி வாக்கியத்துக்குக் கீழே ஆசிரியை சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவள் கொப்பியை எடுத்துச் சென்று அட்டவணையைக் காட்டியிருக்கிறாள்; ஆசிரியை முகவரிகளைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாராம்.